"நாளைக்கு பால் வேணாம்ண்ணா!" - பால்காரரிடம் நேரமும் ஸ்கிப் கணக்கும் பேசி முடிப்பது எப்படி?

மாசக் கடைசி. பால்காரர் 990 ரூபாய் என்கிறார். உங்க கணக்குல 900 ரூபாய்தான் வருது. "18-ம் தேதி காலையிலயே வேணாம்னு மெசேஜ் போட்டேனேண்ணா?" என்று கேட்டால், "வண்டியில இருந்தேன் தம்பி, போனை எங்க பார்த்தேன்? பால் ஊத்திட்டுல்ல போனேன்!" என்கிறார். "22-ம் தேதி நீங்க வரவே இல்லையே?" என்றால், "நான் வராம இருப்பனா?" என்கிறார். ரெண்டு பேருமே பொய் சொல்லலை. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு விதி இல்லை, அவ்வளவுதான்.

90 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனா அந்த 90 ரூபாய்க்காக முகம் சுளிச்சு, வாடிக்கையை நிறுத்தி, மறுபடி பாக்கெட் பாலுக்குத் தெருமுனைக் கடைக்கு ஓடுற வீடுகள் நிறைய. அந்தப் பக்கம் பால்காரருக்கும் ஒரு வாடிக்கை வீடு போச்சு. முதல் நாளே பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருந்தா இது வந்திருக்காது.

இங்கே பாக்கெட் பாலைப் பத்திப் பெரிசா பேசப்போறதில்லை. மாடம்பாக்கம், பூந்தமல்லி மாதிரி சென்னையின் விளிம்புகளிலும், மதுரை, கோவை, திருச்சியின் புறநகர்களிலும், மொபெட்டில் கேன் கட்டிக்கிட்டு வந்து கறந்த பால் ஊத்துறாங்களே, அந்த வாடிக்கையைத்தான் சொல்றேன். வீட்டுல நீங்களும் உங்க ரெண்டு ரூம்மேட்களும் இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். மூணு பேரும் வேலைக்குப் போறவங்க. வார நாள்ல காபிக்கு அரை லிட்டர் போதும். சனி, ஞாயிறு வீட்டுல சமையல், தயிர், பாயசம்னு ஒரு லிட்டர் வேணும். அந்த ரெண்டு நாளும் எழுந்திருக்கிறதும் லேட்டு!

முதல்ல கேட்க வேண்டியது விலை இல்லை

பெரும்பாலும் நாம கேட்கிற முதல் கேள்வி, "லிட்டர் எவ்வளவு?" அதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது, "உங்க சொந்த மாடாண்ணா, இல்ல வாங்கி ஊத்துறீங்களா?" என்பதுதான். சந்தேகப்பட்டுக் கேட்கிற கேள்வி இல்லை இது. நேரம், ஸ்கிப் ரெண்டுக்குமான விதி இந்தப் பதில்ல இருந்துதான் வரும்.

சொந்த மாடுன்னா கதை இப்படி. விடியக்காலை நாலு, நாலரைக்குக் கறப்பார். ரெண்டு மாடு வெச்சிருக்கிறவருக்கு காலையில சுமாரா பத்து லிட்டர் கிடைக்குதுன்னு வைங்க. அரை லிட்டர் வீதம் இருபது வீடு. மாட்டுக்கிட்ட போய், "நாளைக்கு அந்த மாடி வீட்டுப் பசங்க ஊருக்குப் போறாங்க, அரை லிட்டர் குறைச்சுக் கொடு" என்று சொல்ல முடியாது. கறக்காம விட்டா மடி கட்டிக்கும், நோய் வரும். அதனால நீங்க வேணாம்னு சொன்னாலும் அந்தப் பால் வரத்தான் செய்யும். கேள்வி, அது எங்கே போகும் என்பதுதான்.

முந்தின நாள் ராத்திரியே தெரிஞ்சா அவருக்கு வழி இருக்கு. டீக்கடைக்குக் கூடுதலா ஊத்தலாம். பக்கத்துல பால் சொசைட்டி இருந்தா லைனுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே அங்கே ஊத்திடலாம். ஆனா சொசைட்டி விலை வேற, வீட்டு விலை வேற. 2023 டிசம்பர்ல ஆவின் கொள்முதல் விலையை லிட்டருக்கு 3 ரூபாய் உயர்த்தினப்போ பசும்பால் 35-ல இருந்து 38 ரூபாய் ஆச்சு. நீங்க வீட்டு வாசல்ல கொடுக்கிறது அதைவிட ரொம்ப அதிகம். கணக்குக்கு வசதியா லிட்டர் 60 ரூபாய்னு வெச்சுக்குவோம் (உங்க ஏரியா விலையைப் போட்டுப் பார்த்துக்குங்க). உங்க அரை லிட்டர் சொசைட்டிக்குப் போனா, அவருக்கு சுமாரா 11 ரூபாய் குறையும். அதைத் தாங்கிக்குவார். தாங்கிக்க முடியாதது, வண்டியை எடுத்ததுக்கு அப்புறம் சொல்றதுதான். அவர் லைனை முடிச்சுத் திரும்புறதுக்குள்ள சொசைட்டியில அளந்து முடிச்சிருப்பாங்க. டீக்கடைக்காரரும் காலைப் பாலை வாங்கியிருப்பார். மிஞ்சினது வீட்டுக்குத் தயிராகத்தான் போகும்.

வாங்கி ஊத்துறவர்னா, அவர் மாட்டுக்காரர்கிட்ட "நாளைக்கு இத்தனை லிட்டர்" என்று முந்தின சாயங்காலமே சொல்லியிருப்பார். சொன்ன அளவுக்குக் காசு கொடுத்தே ஆகணும். அதனால அவருக்கு நீங்க இன்னும் சீக்கிரமே, சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். பாக்கெட் போடுற ஏஜென்ட்டும் கிட்டத்தட்ட இதே வகைதான். அவரும் மறுநாள் கணக்கை முந்தின நாளே மேல சொல்லிடுவார்.

ஆக, "எத்தனை மணிக்குள்ள சொன்னா உங்களுக்கு நஷ்டம் இல்லாம இருக்கும்?" என்று அவர்கிட்டயே கேட்டுடுங்க. சொந்த மாட்டுக்காரர் பெரும்பாலும், "ராத்திரி எட்டு மணிக்குள்ள சொல்லிடுங்க, நான் ஒன்பதுக்கெல்லாம் படுத்துடுவேன்" என்பார். அந்த எட்டு மணிதான் உங்க ஸ்கிப் நேரம். நாம வசதிக்கு ஒரு நேரத்தை வைக்கிறதைவிட, அவர் படுக்கிற நேரத்தையும் கறக்கிற நேரத்தையும் வெச்சு முடிவு பண்ற நேரம்தான் நிலைக்கும்.

'ஆறேகாலுக்கு வந்துடுங்கண்ணா' என்றால் வர மாட்டார்

அடுத்தது நேரம். இதுல நாம பண்றது, ஒரு மணியைச் சொல்லிட்டு அதுக்கு அவரை ஒப்புக்க வைக்கிறது. அவரும் தலையாட்டுவார். ஒரு வாரத்துல அந்த ஆறேகால் ஆறே முக்காலாகிடும்.

பால்காரருக்கு உங்க வீடு ஒரு தனி வீடு இல்லை. அது ஒரு 'லைன்'ல ஒரு நிறுத்தம். அதனால, "என் வீடு உங்க லைன்ல எத்தனாவது?" என்று கேளுங்க. மூணாவது வீடுன்னா, அவர் கிளம்புறதுல ஏற்படுற தாமதம் மட்டும்தான் உங்களை வந்து சேரும். பதினெட்டாவது வீடுன்னா, முன்னாடி இருக்கிற பதினேழு வீட்டுத் தாமதமும் சேர்ந்து வரும். ஒரு பாட்டி பாத்திரத்தைத் தேடிக் கொண்டுவர ரெண்டு நிமிஷம், ஒருத்தர் சில்லறைக் கணக்கு பேச மூணு நிமிஷம், கேட் பூட்டியிருக்கிற அப்பார்ட்மென்ட்ல வாட்ச்மேனை எழுப்ப அஞ்சு நிமிஷம். அதனால லைன் முன்னாடி இருந்தா பதினஞ்சு நிமிஷ இடைவெளி கேட்கலாம். பின்னாடி இருந்தா அரை மணி நேரம் கொடுத்தாகணும். 'ஆறேகால்' என்பதைவிட 'ஆறேகால்ல இருந்து ஆறே முக்காலுக்குள்ள' என்பதுதான் காப்பாத்தக்கூடிய பேச்சு.

உங்களுக்கு அது பத்தாது, ஏழு மணிக்கு கம்பெனி பஸ் பிடிக்கணும்னா, நேரத்தை மாத்தச் சொல்லாதீங்க. லைன்ல இடத்தை மாத்த முடியுமான்னு கேளுங்க. போகும்போது ஊத்துற தெருவுக்குள்ளயே அவர் திரும்பி வர்றவரா இருந்தா, 'போகும்போது', 'திரும்பும்போது' என்று ரெண்டு நேரம் அவர்கிட்ட இருக்கு. நம்ம கதைக்கு இது அருமையா பொருந்தும். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் போகும்போது, அதாவது ஆறேகால்ல இருந்து ஆறே முக்காலுக்குள்ள. சனி, ஞாயிறு திரும்பும்போது, ஏழரையில இருந்து எட்டுக்குள்ள. அவர் ஒரு அடிகூடச் சுத்த வேண்டியதில்லை. உங்களுக்கும் லீவு நாள்ல ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம்.

ஆனா ஒண்ணைக் கவனிக்கணும். பாலுக்குன்னு ஒரு கடிகாரம் இருக்கு. நாலு மணிக்குக் கறந்த பால், ஐஸ் இல்லாத கேன்ல வருது. கறந்த பாலுக்கு இயற்கையாவே கிருமி வளர்றதைத் தடுக்கிற தன்மை கொஞ்சம் உண்டு. நம்ம ஊர் வெப்பத்துல, 30 டிகிரி வாக்குல, அது சுமார் ரெண்டு மணி நேரம்தான் தாங்கும். ஆறேகாலுக்கு உங்க வாசலுக்கு வர்றப்பவே அந்த நேரம் முடிஞ்சிருக்கும். அப்புறம் நீங்க தூங்கி எழுந்து எட்டரைக்கு எடுத்துக் காய்ச்சினா, மே மாசத்துல திரிஞ்சு போக நல்ல வாய்ப்பு இருக்கு. அதைப் பால்காரர் தலையில கட்டுறது நியாயம் இல்லை. அதனாலதான் 'எப்ப வேணா வெச்சுட்டுப் போங்க' என்பதைவிட, நீங்க கையில வாங்கி உடனே அடுப்புல வைக்கக்கூடிய நேரமா பேசிக்கிறது நல்லது. வார இறுதியில அவர் திரும்பும்போது ஊத்துற பால் கேன்ல கூடுதலா ஒரு மணி நேரம் இருந்திருக்கும். வெயில் காலத்துல மட்டும் சனி, ஞாயிறும் போகும்போதே வாங்கிக்கிறேன்னு மாத்திக்குங்க. அலாரம் வெச்சு எழுந்து, பாலைக் காய்ச்சி வெச்சுட்டு மறுபடி படுக்கலாமே!

லேட்டா வந்த பால்ல சந்தேகமா? மொத்தத்தையும் பாத்திரத்துல ஊத்தாம, ஒரு குழிக்கரண்டியில ரெண்டு ஸ்பூன் எடுத்துக் காய்ச்சிப் பாருங்க. பொங்கிச்சுன்னா சரி. தண்ணி வேற, கட்டி வேறன்னு பிரிஞ்சதுன்னா அது திரிஞ்ச பால். அப்பவே ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிடுங்க. மத்தியானம் சொன்னா, 'நீங்க பாத்திரத்தைச் சரியா கழுவலை' என்ற பேச்சு வரும். (சில சமயம் அது உண்மையாவும் இருக்கும். நேத்தைய பால் ஒட்டின பாத்திரத்துல இன்னைக்குப் பால் ஊத்தினா நல்ல பாலும் திரியும்.)

ஸ்கிப் விதி: எட்டு மணிக்கு முன், எட்டு மணிக்குப் பின்

இப்போ முக்கியமான பகுதி. ராத்திரி எட்டு மணிக்குள்ள சொன்னா அன்னைக்கு முழுக் காசும் கழியும். இதுல தகராறே இல்லை. எட்டு மணிக்கு மேல, இல்லைன்னா மறுநாள் காலையில சொன்னா? நிறைய பேர், 'பால் வாங்கலை, அப்புறம் எதுக்குக் காசு?' என்பாங்க. பால்காரர், 'கொண்டுவந்த பாலுக்குக் காசு' என்பார். பாதின்னு பேசிக்கிறதுதான் என் அபிப்பிராயத்துல நியாயமானது. அரை லிட்டருக்கு 15 ரூபாய். அவருக்கு அந்தப் பால் தயிராகவோ, குறைஞ்ச விலைக்கோ போய் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். மிச்ச நஷ்டத்துல நீங்க பங்கெடுக்கிறீங்க. முழுக் காசும் கொடுக்கணும்னு வெச்சா, 'எப்படியும் காசு போகுது'ன்னு நீங்க சொல்லவே மாட்டீங்க. பாலை வாசல்லயே கெட விட்டுடுவீங்க. காசே வேணாம்னு வெச்சா முந்தின ராத்திரி சொல்ற பழக்கமே வராது. பாதி விலை ரெண்டு பேரையும் ஒழுங்கா வெச்சிருக்கும்.

ரெண்டு நாளுக்கு மேல ஊருக்குப் போறதா இருந்தா, ரெண்டு நாள் முன்னாடியே சொல்றதா பேசிக்குங்க. இது ஏன்னு யோசிச்சுப் பாருங்க. இருபது வீட்டுல ஒரு வீடு வேணாம்னா அவருக்கு அரை லிட்டர்தான் மிஞ்சும். ஆனா தீபாவளி, பொங்கல், வெள்ளியோ திங்களோ சேர்ந்த லாங் வீக்எண்ட்ல ஊருக்குப் போறது நீங்க மட்டும் இல்லையே. ஒரே காலையில அஞ்சு வீடு வேணாம்னா ரெண்டரை லிட்டர், அதாவது கறந்ததுல கால்வாசி. முன்கூட்டியே தெரிஞ்சா சொசைட்டிக்கோ, இனிப்புக் கடைக்கோ பேசி வெச்சுக்குவார். அதே மாதிரி எப்போ திரும்புறீங்கன்னும் அந்த மெசேஜ்லயே சொல்லிடுங்க. 'ஊருக்குப் போறேன்'னு மட்டும் சொல்லிட்டுப் போய், திங்கட்கிழமை காலையில காபிக்குப் பால் இல்லாம நிக்கிறவங்கதான் ஜாஸ்தி.

கூடுதலா வேணும்னாலும் இதே எட்டு மணிதான். காலையில வாசல்ல நின்னுக்கிட்டு, 'அண்ணா, இன்னைக்கு ஒரு அரை லிட்டர் சேர்த்து ஊத்துங்க' என்று கேட்காதீங்க. கேன்ல இருக்கிறது மிச்ச வீடுகளுக்கு அளந்து எடுத்துவந்த பால். உங்களுக்குக் கூட ஊத்தினா கடைசி வீட்டுக்குக் குறையும். குறைஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா... குழாய்ல தண்ணி வராத ஊரா இது!

விதி ஒருபக்கமா மட்டும் இருக்கக் கூடாது. அவர் சொல்லாம வராம இருந்தா? அன்னைக்குப் பணம் கிடையாது, அது எல்லாரும் ஒத்துக்குவாங்க. அதுக்கு மேல அபராதம் கேட்காதீங்க. நீங்க லேட்டா சொன்னதுக்குப் பாதி, அவர் லேட்டா வந்தா பாதின்னு சரிக்குச் சரியா பேசினா கேட்க நல்லா இருக்கும், நடைமுறைக்கு வராது. வண்டி பஞ்சர், மாட்டுக்கு உடம்பு சரியில்லைன்னு அவர் பக்கத்துல வர்றது பெரும்பாலும் அவர் கையில இல்லாத காரணம். அதுக்குப் பதிலா, "வர முடியலைன்னா ஆறரைக்குள்ள ஒரு மிஸ்டு கால் கொடுங்கண்ணா, நான் கடையில வாங்கிக்கிறேன்" என்று கேளுங்க. உங்களுக்கு வேண்டியது காபி. அதுக்கு அந்த மிஸ்டு கால் போதும்.

எப்போ பேசுறது, எப்படிப் பேசுறது?

லைன்ல இருக்கும்போது பேசாதீங்க. அவர் ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை வண்டியில வெச்சு நிக்கிறப்போ எது சொன்னாலும் 'சரி சரி'ன்னுதான் சொல்வார். ஞாயித்துக்கிழமை அவர் திரும்பி வர்றப்போ, இல்லைன்னா சாயங்காலம் போன்ல பேசுங்க. வயசுக்கு ஏத்த மாதிரி அண்ணாவோ, ஐயாவோ, அக்காவோ. (பால் ஊத்துற அக்காக்கள் இப்பவும் நிறைய பேர் இருக்காங்க. கணக்குல அவங்க கெட்டி!)

பேச்சு கிட்டத்தட்ட இப்படிப் போகும்.

"அண்ணா, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அரை லிட்டர் போதும். சனி, ஞாயிறு ஒரு லிட்டர். லீவு நாள்ல நீங்க திரும்பி வர்றப்போ ஊத்த முடியுமா?"

"ஊத்தலாம் தம்பி. ஆனா மிச்சம் வெச்சுக்கிட்டே சுத்தணும். திடீர்னு வேணாம்னு சொல்லிடக் கூடாது."

"சொல்ல மாட்டேண்ணா. ராத்திரி எட்டு மணிக்குள்ள சொன்னா முழுசா கழிச்சிடுங்க. அதுக்கு மேல சொன்னா பாதிக் காசு தந்துடறேன்."

"பாதியா? அதெல்லாம் வேணாம் தம்பி, பார்த்துக்கலாம்..."

இந்த 'பார்த்துக்கலாம்' இருக்கே, அங்கேதான் நிறைய பேர் பேச்சை முடிச்சுடறாங்க. மாசக் கடைசியில அவர் பார்க்கிறது ஒண்ணு, நீங்க பார்க்கிறது ஒண்ணு. "இல்லண்ணா, பாதின்னே வெச்சுக்கலாம், எனக்கும் கணக்கு ஈஸி" என்று சிரிச்சுக்கிட்டே முடிச்சுடுங்க. பேசி முடிச்ச அன்னைக்கே ஒரு மெசேஜ் அனுப்பிடுங்க. நீளமா வேணாம். இந்த அளவு போதும்:

'அண்ணா, பேசினபடி: திங்கள் - வெள்ளி அரை லிட்டர், 6.15 - 6.45. சனி, ஞாயிறு 1 லிட்டர், 7.30 - 8. வேணாம்னா முந்தின நாள் ராத்திரி 8-க்குள்ள சொல்றேன். அதுக்கு மேல சொன்னா பாதி விலை. 2 நாளுக்கு மேல ஊருக்குப் போனா 2 நாள் முன்னாடியே சொல்றேன். லிட்டர் 60 ரூபாய், 5-ம் தேதிக்குள்ள பணம்.'

அவருக்கு வாசிக்கிறது சிரமம்னா இதையே வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. ஸ்கிப் சொல்றப்பவும் அப்படியே. இதுல இன்னொரு சின்ன விதியும் பேசிடணும். அவர் 'சரி'ன்னு ஒரு பதில் போட்டாதான் சொன்னதா கணக்கு. எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதும் பதில் இல்லைன்னா ஒரு கால் பண்ணிடுங்க. ஒத்த டிக் விழுந்த மெசேஜைக் காட்டி மாசக் கடைசியில வாதாட முடியாது.

சில வீடுகள்ல கேட்ல பை மாட்டியிருந்தா பால் வேணும், மாட்டலைன்னா வேணாம்னு ஒரு பழைய பழக்கம் உண்டு. பார்க்க எளிமையா இருக்கும். ஆனா பை இல்லைங்கிறதை அவர் பார்க்கிறதே காலையில, பாலோட வந்ததுக்கு அப்புறம்தான். அது லேட்டா சொன்ன மாதிரிதான் ஆகும். அதோட நீங்க பை மாட்ட மறந்தாலும் அது ஸ்கிப் ஆகிடும். மூணு பேர் இருக்கிற வீட்டுல, 'நீ மாட்டுவேன்னு நினைச்சேன்' என்பது தினசரி வசனம் இல்லையா? யாராவது ஒருத்தர் மட்டும் பால்காரர்கிட்ட பேசுற ஆளா இருங்க. மத்த ரெண்டு பேரும் அவர்கிட்ட சொல்லட்டும்.

ஒரு மாசக் கணக்கு

சரி, முதல்ல பார்த்த அந்த 990-க்கும் 900-க்கும் வருவோம். 1-ம் தேதி திங்கட்கிழமை தொடங்குற 30 நாள் மாசம்னு வெச்சுக்குங்க. வார நாள் 22, சனி, ஞாயிறு 8. இதை லிட்டர்ல எண்ணாம 'அரை'யில எண்ணுங்க, சுலபம். ஒரு அரை 30 ரூபாய். வார நாளுக்கு 22 அரை, சனி, ஞாயிறுக்கு 16 அரை, மொத்தம் 38 அரை. எதுவும் விடாம வாங்கியிருந்தா 1,140 ரூபாய்.

10-ம் தேதிக்கு முந்தின ராத்திரி 7.40-க்கே வேணாம்னு சொல்லிட்டீங்க. ஒரு அரை கழிஞ்சது. 12, 13, 14 ஊருக்குப் போனீங்க, 10-ம் தேதியே சொல்லிட்டீங்க. வெள்ளிக்கு ஒண்ணு, சனி, ஞாயிறுக்கு நாலு, ஆக அஞ்சு அரை கழிஞ்சது. 18-ம் தேதி காலை 5.50-க்கு மெசேஜ் போட்டீங்க. அது எட்டு மணிக்கு அப்புறம், அதனால அரையில பாதிதான் கழியும். 22-ம் தேதி அவர் வரலை, ஒண்ணு. 24-ம் தேதி ஏழே முக்காலுக்கு வந்து ஊத்தின பால் திரிஞ்சது, அப்பவே போட்டோ அனுப்பிட்டீங்க, ஒண்ணு. 27-ம் தேதி பாயசத்துக்கு ஒரு அரை கூடுதலா கேட்டீங்க, அது ஏறும்.

38-ல இருந்து 1, 5, அரைப் பங்கு, 1, 1 கழிச்சு, 1 கூட்டினா முப்பதரை. முப்பதரை இன்ட்டு 30, 915 ரூபாய். பால்காரர் 18, 22, 24 மூணையும் மறந்துட்டதால 990 சொன்னார். நீங்க 18-ம் தேதியை முழுசா கழிச்சதால 900 வந்தது. உங்க பக்கம் நிஜமாவே 15 ரூபாய் தப்பு!

இந்தக் கணக்கை ஞாபகத்துல வெச்சுக்க முடியாது. ஆப் எதுவும் வேணாம். அடுப்பங்கரையில தொங்குற மாசக் காலண்டர் போதும். வழக்கமான அளவு வந்த நாளைத் தொடவே வேணாம். மாறின நாளை மட்டும் வட்டம் போட்டு, பக்கத்துல '-1', '+1'னு எழுதுங்க. மாசத்துக்கு அஞ்சாறு வட்டம்தான் வரும். ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரத்து வட்டங்களைப் பால்காரர்கிட்ட வாசல்லயே சொல்லிடுங்க. "இந்த வாரம் திங்கக்கிழமை நீங்க வரலைண்ணா, புதன்கிழமை திரிஞ்சது" என்று. ஒரு வாரத்துக்குள்ள சொன்னா அவருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு மாசம் கழிச்சுச் சொன்னா யாருக்கும் இருக்காது. மாசக் கடைசியில அந்தக் காலண்டர் தாளையே போட்டோ எடுத்து, பணத்தை யு.பி.ஐ-யில போட்டுட்டு, ரெண்டையும் சேர்த்து அனுப்பிடலாம்.

வட்டம் நிறைய விழுந்தா...

ஒரு மாசத்துல எட்டு, பத்து வட்டம் விழுதா? அப்போ நீங்க பேசின அளவே தப்புன்னு அர்த்தம். பால்காரர் எதுவும் சொல்ல மாட்டார். ஆனா புது வீடு ஒண்ணு கிடைச்சதும் மெதுவா உங்களைக் கழட்டி விட்டுடுவார். வேலை ஷிஃப்ட்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணுவிட்டு ஒருநாள் போதும். ஆனா அப்படிக் கேட்டா எந்தப் பால்காரரும் யோசிப்பார். நடுவுல வர்ற நாளைக்கு அந்த அரை லிட்டரை எங்கே ஊத்துறது? இதுக்கு ஒரு வழி இருக்கு. எதிர் ஃபிளாட்லயோ, கீழ் வீட்டுலயோ உங்களை மாதிரியே ஒருத்தர் இருப்பாங்க. திங்கள், புதன், வெள்ளி உங்களுக்கு, செவ்வாய், வியாழன், சனி அவங்களுக்குன்னு ஜோடியா பேசுங்க. பால்காரருக்கு அது தினமும் வாங்குற ஒரே வீடு மாதிரிதான். உடனே ஒத்துக்குவார்.

சொந்த மாட்டுக்காரர்கிட்ட இன்னொண்ணும் கேட்டு வெச்சுக்குங்க: "மாடு எப்போ கன்னு போடும்ண்ணா?" கன்னு போடுறதுக்குச் சுமார் ரெண்டு மாசம் முன்னாடியே பால் கறக்கிறதை நிறுத்திடுவாங்க. அந்த நேரத்துல அவர் வெளியில வாங்கித்தான் ஊத்துவார், இல்லைன்னா அளவைக் குறைப்பார். வெளியில வாங்குற காலத்துல ஸ்கிப் சொல்ற நேரமும் எட்டு மணியில இருந்து சாயங்காலத்துக்கு மாறும். பால் ருசி மாறிச்சே, ஏடு குறைஞ்சிருக்கேன்னு நீங்க சந்தேகப்படுறதுக்கு முன்னாடி அவரே சொல்லிட்டா நல்லதுதானே!

அப்புறம் மாட்டுப் பொங்கல். அன்னைக்கு ஆறேகாலுக்குப் பால் வரணும்னு எதிர்பார்க்காதீங்க. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்குப் பெயின்ட் அடிச்சு, பொங்கல் வெச்சுப் படைக்கிற நாள் அது. அவர் வீட்டு விசேஷமே அன்னைக்குத்தான். போகி அன்னைக்கே, "மாட்டுப் பொங்கலுக்கு எத்தனை மணிக்குண்ணா வருவீங்க?" என்று கேட்டுக்குங்க. முந்தின நாள் பால்ல கொஞ்சம் காய்ச்சி ஃப்ரிட்ஜ்ல எடுத்து வெச்சா அன்னைக்குக் காலைக் காபிக்கு ஆகும்.